ரிச்சி தெருவில் முதல் போன்: விலை விசாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் போன் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். முதல் போன் வாங்க இங்கே வருகிறவர்கள் செய்யும் பிழைகள், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன. பொத்தான் போன் போய்த் தொடுதிரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். போலி சார்ஜர் வாங்காதீர்கள், நடைபாதையில் போன் வாங்காதீர்கள் என்பது போன்ற அறிவுரைகளை வீட்டிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கவனமாக விலை விசாரிக்கிறவர்களே சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

அண்மையில் அப்படிக் கவனமான ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன். அம்பத்தூர்ப் பக்கம் வேலைக்குச் சேர்ந்து, அதுவரை அம்மாவின் போனையே பகிர்ந்துகொண்டிருந்தவர் சொந்தச் சம்பளத்தில் வாங்கவிருந்த முதல் போன் அது. அவருடைய அண்ணன் என் பழைய வாடிக்கையாளர் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருந்தார். ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் ஏறி இறங்கிவிட்டு வந்த அவர் கையில் ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தது. மேலே போனின் பெயர்; அதன் கீழே நான்கு கடைகளின் விலை: 14,999, 13,800, 13,500, 13,499. "நாலும் ஒரே போன்தான் அண்ணா, பின்னே ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டார். அந்த நான்கு விலைகளும் வெவ்வேறு சரக்குகளுக்கும் வெவ்வேறு நிபந்தனைகளுக்கும் சொல்லப்பட்டவை என்பதை அவரிடம் எந்தக் கடைக்காரரும் சொல்லியிருக்கவில்லை.

போனின் பெயரை மட்டும் குறித்துக்கொள்வது

ஒரே பெயரில், ஒரே நிறத்தில், ஒரே பெட்டி வடிவில் வரும் போன் இரண்டு மூன்று கொள்ளளவுகளில் விற்கப்படுகிறது. 4 ஜிபி ரேம் உள்ளதற்கும் 6 ஜிபி ரேம் உள்ளதற்கும் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வித்தியாசம் இருக்கும். இந்தப் பெண்ணின் பட்டியலில் 14,999 என்றது 6 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும் கொண்ட போன். 13,800 சொன்ன கடைக்காரரோ "எட்டு ஜிபி ரேம்மா, அவங்க காட்டினதைவிட அதிகம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் காட்டிய பெட்டியை இவர் படம் எடுத்து வைத்திருந்ததால் உண்மை தெரிந்தது. அது 4 ஜிபி போன். சேமிப்பிலிருந்து 4 ஜிபியைக் கடன் வாங்கி ரேம் போலக் காட்டும் வசதியையும் சேர்த்துத்தான் எட்டு என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சேமிப்பு நினைவகம் உண்மையான ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால், நாலைந்து செயலிகள் திறந்திருக்கும்போது இந்தக் கடன் ரேம் பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட லேபிளில் ரேம், சேமிப்பு, மாடல் எண், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம், வரிகள் அடங்கிய அதிகபட்ச விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். குறிப்பேட்டில் எழுத வேண்டியது அந்த மாடல் எண்ணும் கொள்ளளவும்தான். காட்சிக்கு வைத்த போனாக இருந்தால் அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள்; ரேம் என்ற இடத்தில் 4 + 4 என்று கூட்டல் குறியோடு இருந்தால், முதலில் உள்ள எண் மட்டுமே உண்மையான ரேம்.

கையில் இல்லாத அட்டையின் சலுகையைக் கணக்கில் சேர்ப்பது

13,499 என்ற விலை, குறிப்பிட்ட ஒரு வங்கியின் கடன் அட்டையில் வாங்கினால் 1,500 ரூபாய் கழிவு என்ற சலுகைக்குப் பிந்தையது. அந்தப் பெண்ணிடம் கடன் அட்டையே கிடையாது. ரொக்கத்துக்கோ யுபிஐக்கோ என்ன விலை என்று கேட்டு, அதை மட்டும் எழுதுங்கள்.

பில் இல்லாத விலையைப் பில் உள்ள விலையோடு ஒப்பிடுவது

இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. ஏமாறுகிறவர்கள் அசட்டையானவர்களாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இதில் சிக்குகிறவர்களோ பத்துக் கடை ஏறி இறங்கி, ஐம்பது ரூபாய்க்கும் பேரம் பேசி, நியாயமாகக் கணக்குப் பார்த்தவர்கள்.

13,500 ரூபாய் சொன்ன கடையில் அந்தப் பெண்ணிடம் பேசப்பட்ட பேச்சு ஏறக்குறைய இதுதான்: "பில்லு வேணும்னா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும்மா, 15,930 ஆயிடும். பில்லு வேணாம்னா 13,500-க்கே எடுத்துக்கோ. வாரண்டி போன்லயே இருக்கு, பில்லைக் கேட்டு யாரும் வரப்போறதில்ல." 13,500-இல் 18 சதவீதம் 2,430, கூட்டினால் 15,930. கணக்கில் தவறே இல்லை என்பதால், பில் கேட்பது வீண் செலவு என்று கேட்பவர் நம்பிவிடுகிறார்.

ஆனால் வரி இப்படி வேலை செய்வதில்லை. செல்போனுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் மாதம் முதல் 18 சதவீதம். முதல் கடை சொன்ன 14,999 ரூபாயிலேயே அந்த வரி அடங்கியிருக்கிறது: போனின் விலை 12,711, வரி 2,288. இந்த 2,288 ரூபாயையும் கடைக்காரர் தன் கையிலிருந்து அரசுக்குக் கட்டுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் விநியோகஸ்தரிடமிருந்து அதே போனை, வரி உட்பட 14,400 ரூபாய்க்கு முறையான பில்லோடு வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த விலையிலேயே அவர் சுமார் 2,197 ரூபாயை வரியாகக் கொடுத்துவிட்டார். நமக்குப் பில் போட்டு விற்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டினால் போதும். மீதி 91 ரூபாய். முறையாக வாங்கிய சரக்கை வைத்திருக்கும் ஒரு கடைக்கு, உங்களுக்குப் பில் கொடுப்பதால் ஏற்படும் கூடுதல் வரிச் சுமை இவ்வளவுதான்.

அப்படியானால் பில் வேண்டாம் என்பதற்காக ஒருவர் ஏன் 1,500 ரூபாய் குறைக்க வேண்டும்? 91 ரூபாய் மிச்சம் பிடிக்க யாரும் 1,500 ரூபாயை விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் குறைப்புக்கான காரணம் வரியில் இல்லை, சரக்கில் இருக்கிறது. அந்தப் போன் அந்தக் கடைக்கு வந்த வழி நேரானதாக இல்லை, அல்லது அது புதிய போனின் மதிப்பை ஏற்கெனவே கொஞ்சம் இழந்துவிட்டது. கூட்டல் தெரிந்த ஒருவரைக் கூட்டல் போட்டே ஏமாற்றுவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

நேரான வழியில் வராத போன்கள் எப்படி வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் கடைகளுக்கு மாத இலக்கு வைப்பதுண்டு. இலக்கை எட்டி ஊக்கத்தொகை பெறுவதற்காக, விற்காத போனையும் இயக்கி, இணையத்தில் இணைத்து, விற்றதாகக் கணக்குக் காட்டிவிடுவார்கள். தெருவில் இதற்குப் பெயர் ஆக்டிவேட்டட் பீஸ். இன்னொரு வழி, ஆன்லைன் தள்ளுபடி நாட்களில் யார் யாரோ தங்கள் அட்டைச் சலுகையில் வாங்கிய போன்கள் மொத்தமாகத் தெருவுக்கு வருவது. அவற்றுக்குப் பில் இருக்கும். ஆனால் அது முன்பின் தெரியாத ஒருவர் பெயரில், பழைய தேதியில் இருக்கும். வெளிநாட்டில் விற்பதற்காகத் தயாரித்து, சுங்க வரி கட்டாமல் பயணப் பெட்டியில் வந்த போன்கள் மூன்றாவது வகை; இந்திய விலை அச்சிட்ட லேபிள் அவற்றில் இருக்காது, இங்குள்ள சேவை மையங்களில் பல அவற்றை ஏற்பதும் இல்லை.

நான் அந்தப் பெண்ணை மறுபடியும் 13,500 கடைக்கே அனுப்பினேன். வாங்குவதாகச் சொல்லி, பெட்டி லேபிளில் உள்ள, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் படம் எடுத்து வரச் சொன்னேன். பதினைந்து இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை KYM என்ற எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்குரிய எண் என்று பதில் வரும். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பவற்றில் ஏதேனும் ஒன்று பதிலில் வந்தால் அந்தப் போனைத் தொடவே வேண்டாம். இந்தப் போனுக்கு மாடல் சரியாகவே வந்தது. அதோடு நின்றிருந்தால் வாங்கியிருப்பார். ஆனால் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் வாரண்டியைச் சரிபார்க்கும் பக்கத்தில் அதே எண்ணைப் போட்டபோது, வாரண்டி தொடங்கி நான்கு மாதம் ஆகிவிட்டது தெரிந்தது. "வாரண்டி போன்லயே இருக்கு" என்று கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பில் இல்லாதபோது இந்த நான்கு மாதம் திரும்ப வராது. சேவை மையத்தில் உங்கள் பெயரிலான முறையான பில்லைக் காட்டினால், பெரும்பாலும் பில் தேதியை வைத்தே வாரண்டியைக் கணக்கிடுவார்கள். பில் இல்லையென்றால், போன் முதன்முதலில் இணையத்தைத் தொட்ட நாள்தான் கணக்கு. சென்ற ஆண்டு என் மேசைக்கு உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். போன் வாங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. திடீரென்று இயங்காமல் போனதால் சேவை மையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். மதர்போர்டு போய்விட்டது, வாரண்டி முந்தின மாதமே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுவதற்குக் கேட்ட தொகை போன் விலையில் பாதிக்கு மேல். வாங்கியபோது அவர் மிச்சம் பிடித்தது 800 ரூபாய். விற்ற கடையில் போய்க் கேட்டால், நம்மிடம் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவரிடம் இருந்ததோ கடைப் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. என் மேசையில் அந்த போர்டை நான் உயிர்ப்பிக்கப் பார்த்தும் முடியவில்லை.

ஆக்டிவேட்டட் பீஸ் வாங்குவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். அப்படித்தான் என்று வெளிப்படையாகச் சொல்லி, உங்கள் பெயரில் அன்றைய தேதியிட்ட பில்லும் போட்டு, விலையையும் குறைத்துக் கொடுத்தால் அது நியாயமான வியாபாரம். அப்படி விற்கும் கடைகள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன.

எஸ்டிமேட் சீட்டைப் பில் என்று நம்புவது

பில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, எஸ்டிமேட் அல்லது கொட்டேஷன் என்று மேலே சின்ன எழுத்தில் அச்சிட்ட தாளை நீட்டுவது பழைய வழக்கம். முறையான வரி பில்லில் கடையின் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கும். அது பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்டது, தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். பில்லுக்கு ஒரு வரிசை எண்ணும் தேதியும் இருக்கும். மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம் என்று வரி இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் அந்தப் பதிவு எண்ணை gst.gov.in தளத்தில் தேடிக் கடையின் பெயரோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

போனின் ஐஎம்இஐ எண் பில்லில் ஏற வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் உண்டு. இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். போன் தொலைந்தால் காவல் துறையில் புகார் கொடுத்து, அந்தப் புகார் நகலோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் அந்தப் போனை இந்தியாவின் எல்லா நெட்வொர்க்குகளிலும் முடக்க முடியும். அப்போது கேட்கப்படுவது இந்த ஐஎம்இஐ எண்தான். போனே கையில் இல்லாதபோது எண்ணை எங்கே போய்ப் பார்ப்பது? பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்போம். எண் ஏறிய பில் ஒன்று இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனாலும் நடைமுறையில், பில் தராத கடையோடு மல்லுக்கு நிற்பதைவிட அடுத்த கடைக்குப் போய்விடுவது எளிது என்பதே என் கருத்து. இந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

"குடோனில் இருக்கிறது" என்றதும் முன்பணம் கொடுப்பது

பல கடைகளில் போன் இருப்பில் இருக்காது. விலையைக் குறைத்துச் சொல்லி உங்களை உட்காரவைத்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துவர ஒரு பையனை அனுப்புவார்கள். முன்பணம் கை மாறிய பிறகுதான் அந்த நிறம் இல்லை, இந்த நிறத்துக்கு 600 ரூபாய் கூட என்ற பேச்சு வரும். பெட்டி மேசை மேல் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.

விலை முடியும் முன் கண்ணாடி ஒட்டவிடுவது

கூடாது.

பெட்டியை வீட்டில் போய்த் திறப்பது

அம்மா முன்னிலையில் திறக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணும் ஆசைப்பட்டார். புரிகிற ஆசைதான், ஆனால் கடை மேசையிலேயே திறக்கச் சொன்னேன். ஒட்டியிருக்கும் சீலை நம்பிப் பயனில்லை; வெப்பக் காற்று பட்டால் பசை இளகிவிடும், பிரித்ததையே தெரியாமல் திரும்ப ஒட்டிவிடலாம். திறந்ததும் போனை இயக்கி, *#06# என்று அழுத்தித் திரையில் வரும் இரண்டு எண்களும் பெட்டி லேபிளோடும் பில்லோடும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுவதும் வைத்துக் கரும்புள்ளியோ மஞ்சள் நிறமோ தெரிகிறதா என்று பார்த்து, இரண்டு சிம் இடங்களிலும் சிம்மைப் போட்டு ஓர் அழைப்புப் பேசி, சார்ஜரைச் சொருகிப் பார்த்துவிடுங்கள். கடை வாசலைத் தாண்டிய பிறகு, நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள் என்ற பதிலே கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வருவது

பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையும் வேண்டாம். நெரிசலில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வேலை நாளில் முற்பகலில் வந்தால் கடைக்காரரே நிதானமாகப் பேசுவார்.

முறையான கடையில் பேரமே பேசாமல் இருப்பது

பில் போடும் கடையென்றால் சொன்ன விலைதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண் 14,999 சொன்ன கடைக்கே திரும்பிப் போய், மற்ற மூன்று விலைகளும் எதற்கானவை என்று தனக்குத் தெரியும் என்பதையும் சொல்லி, பில்லோடு 14,700-க்குக் கேட்டிருக்கிறார். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியும் உறையும் அதற்குள்ளேயே. விநியோகஸ்தர் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் சில நூறு ரூபாய்தான் இருக்கும் என்பதால் இதற்கு மேல் இறங்குவது கடினம். இறங்கினால் மறுபடியும் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பில்லைப் பர்ஸில் மடித்து வைப்பது

வெப்பத் தாளில் அச்சிட்ட பில் சூட்டிலும் உராய்விலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். வெள்ளைத் தாளாகிப் போன பில்லை ஒருவர் என்னிடம் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் காட்டியிருக்கிறார். வாங்கிய அன்றே படம் எடுத்து, புதிய போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், வீட்டில் இன்னொருவர் போனுக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள்.